மலாய் வினையில் மறையும் எழுத்து

மலேசியாவுக்கு வேலைக்கு வந்து மலாய் படிக்கிறீர்களா? 'மெனுலிஸ்' (எழுது) என்ற சொல்லை அகராதியில் 'ம' வரிசையில் தேடினால் கிடைக்காது, வேர்ச்சொல் 'துலிஸ்'. 'மெ' முன்னொட்டு சேரும்போது வல்லினம் மறைந்து அதன் இன மெல்லினம் வருகிறது. 'புக்குல்' (அடி) 'மெமுக்குல்' ஆகும். 'கிரிம்' (அனுப்பு) 'மெஙிரிம்' ஆகும். 'சாப்பு' (பெருக்கு) 'மெஞாப்பு' ஆகும். த-ந, ப-ம, க-ங, ச-ஞ என்று நாம் பள்ளியில் படித்த அதே இணைகள்தான்!

ஆனால் 'பம்பரம்' என்பதில் இரண்டாவதாக வரும் பகர ஒலியில் தொடங்கும் 'பெலி' (வாங்கு) எழுத்தை இழக்காது; 'மெம்பெலி' ஆகும். 'மெமாசாக்' (சமை) என்பதன் வேரோ 'மாசாக்'. அதில் மகரம் முதலிலிருந்தே உண்டு. ஆகவே வல்லினத்தில் கிடைக்காவிட்டால் மெல்லினத்திலும் தேட வேண்டும்.

'பெர்' இப்படி எழுத்தை விழுங்குவதில்லை. வேறுபாடு பொருளில்தான். 'ஊபாஹ்' என்ற வேரிலிருந்து 'பெரூபாஹ்' என்றால் மாறு, 'மெஙூபாஹ்' என்றால் மாற்று. நம் தன்வினை, பிறவினை போலத்தான். எல்லா வேரும் இப்படி இரண்டையும் ஏற்காது. புதிய வினையை முன்னொட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.