"வெளிக்கிட்டுட்டன்" என்றால் என்ன?

எங்கள் பக்கத்தில் 'வெளிக்கிடுதல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். உடுத்தித் தயாராவதும் அதுதான், படலையைத் தாண்டிப் புறப்படுவதும் அதுதான். "இந்தா, வெளிக்கிட்டுட்டன்" என்று என் வீட்டுக்காரர் சொல்லும்போது அவர் குளித்துவிட்டுச் சேர்ட் தேடிக்கொண்டிருப்பார். எனக்கோ, மோட்டார் சைக்கிள் செங்கலடியைத் தாண்டிவிட்டது போலக் கேட்கும். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பிடிபடக் கனகாலம் எடுத்தது.

பிந்துகிறவர்களில் பலர் கடைசித் துண்டை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். மட்டக்களப்பில் கல்யாணம், தாலிகட்டு 10.30 மணிக்கு. வந்தாறுமூலையிலிருந்து அரை மணித்தியால ஓட்டம், ஆகவே பத்து மணிக்குப் புறப்பட்டால் போதும் என்பார் என் வீட்டுக்காரர். குளிக்க 15 நிமிடம், சேர்ட் அயன் பண்ண 10, திறப்பும் ஹெல்மெட்டும் தேட 5, பெற்றோல் அடிக்க 10, போய் இறங்கி நிறுத்த 10. இந்த 50 நிமிடமும் அவர் கணக்கில் இல்லை. 2004இல் ஜஸ்டின் குரூகர், மாட் எவன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு வேலையை அதன் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து எண்ணச் சொன்னபோது, ஆட்கள் கூடிய நேரம் தேவை என்று மதிப்பிட்டார்கள்.

அதனால் "ஏன் எப்பவும் பிந்துறீங்க?" என்று கேட்பதை விட்டேன். அந்தக் கேள்விக்குச் சாட்டுத்தான் பதிலாக வரும். முதல் நாள் இரவு, இருவரும் ஆறுதலாக இருக்கும்போது, "மோட்டார் சைக்கிளில ஏற முதல் என்னென்ன செய்யோணும்?" என்று கேட்கிறேன். எண்ணுவது அவர். நான் எண்ணினால் அது நச்சரிப்பாகிவிடும். எண்ணி முடித்து, 9.10க்கே குளிக்கப் போகவேண்டும் என்று அவரே சொன்னார். அயன் வேலையை அப்போதே முடித்துவிட்டார். 'வெளிக்கிட்டுட்டன்' என்பதையும் இருவரும் தவிர்க்கிறோம். "ஹெல்மெட் போட்டுட்டன்" என்றால்தான் கணக்கு.

இதற்குப் பிறகும் பிந்துவார். அதற்கும் முதல் நாளே ஒரு பேச்சு: "பேசின நேரம் வரைக்கும் பார்ப்பன். பிறகு நான் பஸ்ஸில போறன், நீங்க ஆறுதலா வாங்க." சொன்னபடி போகவேண்டும், கல்யாண வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கக்கூடாது. தண்டனை மாதிரிச் செய்தால் அதுவும் குத்தல்தான். காத்திருந்து உள்ளுக்குள் புழுங்குவதைவிட இது எனக்கு நல்லதாகப் பட்டது. "என்ன?" என்று அவர் கேட்க, "ஒண்டுமில்ல" என்று சொல்லிக்கொண்டு, போன வருடத்துப் பிந்தல்களை மனதுக்குள் அடுக்கத் தொடங்கினால் புழுக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே, அன்றைய பிந்தலை மட்டும் பேசிவிடவேண்டும்: "இண்டைக்கு வாசலில தனிய நிண்டது எனக்குக் கவலையாப் போச்சு."

ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். வேலைக்கும் நண்பர்களிடமும் நேரத்துக்குப் போகிறவர் உங்களிடம் மட்டும் பிந்தினால், கோளாறு நிமிடக் கணக்கில் இல்லை. அங்கே பட்டியல் உதவாது, "எனக்காக வாறதில உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றுதான் கேட்கவேண்டியிருக்கும்.