டெலிவரி வேன்: வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா?

சரக்கு வேன் எடுக்கப் போகும் சிறு வியாபாரியிடம் லீஸ்காரர் முதலில் சொல்வது இதுதான்: "வாடகை முழுவதையும் செலவில் எழுதிக்கொள்ளலாம். கடனில் வாங்கினால் வட்டியையும் தேய்மானத்தையும் மட்டும்தான் எழுத முடியும்." சொல்வது சரிதான். ஆனால் வரி குறைவதாலேயே கையில் பணம் மிஞ்சிவிடாது.

ஈரோட்டில் மசாலாப் பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஒரு கூட்டாண்மை நிறுவனத்தை வைத்துக் கணக்குப் போடலாம். வேன் விலை 6 லட்சம். 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,08,000. அந்த வரியைக் கைப்பணத்தில் கட்டிவிட்டு, 6 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் நான்கு வருடக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய். அதே வேனுக்கு நான்கு வருட லீஸ் வாடகை மாதம் 17,500, ஜி.எஸ்.டி. 3,150, மூன்று மாத வாடகை டெபாசிட் என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்சும் பராமரிப்பும் இரண்டிலும் நம் பொறுப்புதான், அதனால் அவற்றை விட்டுவிடலாம்.

முதல் வருடம் லீஸில் 2,10,000 ரூபாய் செலவாக எழுதலாம். வாங்கினால் சொந்தச் சரக்கு ஏற்றும் வேனுக்குத் தேய்மானம் 15 சதவீதம், அதாவது 90,000. வட்டி சுமார் 60,000. ஆக 1,50,000. செலவில் 60,000 வித்தியாசம். நிறுவனத்தின் 30 சதவீத வரியில் லீஸுக்குக் கூடுதலாக மிச்சமாவது 18,000. ஆனால் அந்த 18,000 கிடைக்க, தவணையை விடச் சுமார் 24,000 அதிகமாக வாடகை கட்டியிருக்கிறோம்.

நான்கு வருட முடிவில் லீஸின் கூடுதல் வாடகை சுமார் 96,000. கூடுதல் வரி மிச்சம் சுமார் 1,23,000. லீஸ் 27,000 ரூபாய் முந்துவது போலத் தெரியும். அப்போது லீஸ் வேன் திரும்பிப் போய்விடும். வாங்கியவரிடம் வேன் இருக்கும். அது இரண்டரை லட்சத்துக்கு விலை போனால், வாங்கியவர் இரண்டு லட்சத்துக்கு மேல் முன்னால் நிற்கிறார். நன்றாக ஓடும் வேனை ஏழெட்டு வருடம் வைத்துக்கொள்பவருக்கு லீஸ் கட்டுப்படியாகாது என்பதே என் முடிவு.

லீஸின் உண்மையான பலம் ஜி.எஸ்.டி.யில் இருக்கிறது. சரக்கு வாகனத்துக்கு இன்புட் வரி எடுக்கலாம். ஆனால் கட்டிய 1,08,000 ரொக்கமாகத் திரும்பி வராது. விற்பனை வரியில்தான் கழியும். மசாலாப் பொடிக்கு வரி 5 சதவீதம்தான். மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்தபின் மாதம் 10,000 ரூபாய்தான் கட்ட வேண்டி வருகிறதென்றால், அந்த ஒரு லட்சம் கழிய கிட்டத்தட்ட பதினொரு மாதம் பிடிக்கும். லீஸில் 3,150 அந்தந்த மாதமே கழிந்துவிடும். அறுவடைக் காலத்தில் மிளகாயும் மல்லியும் மொத்தமாக வாங்கிப் போட முதல் தேவைப்படுபவருக்கு இது பெரிய விஷயம். புது ரூட்டில் வியாபாரம் நிற்குமா என்று தெரியாதவருக்கும் லீஸ் பொருந்தும், ஒப்பந்தம் பாதியில் விட இடம் கொடுத்தால். பல ஒப்பந்தங்களில் முன்கூட்டியே திருப்பினால் மீதி வாடகையின் ஒரு பகுதியைக் கட்ட வேண்டிவரும். கிலோமீட்டர் வரம்பு தாண்டினாலும், திருப்பும்போது அடிபட்டிருந்தாலும் கட்டணம் உண்டு. கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றையும் எழுத்தில் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் லாப நட்டக் கணக்கு எழுதி வரி கட்டுபவருக்கு. விற்பனையில் 8 சதவீதத்தையோ, வங்கி வழியாக வரும் தொகைக்கு 6 சதவீதத்தையோ வருமானமாகக் காட்டும் உத்தேச முறையில் இருப்பவர் வாடகையையும் தனியாகக் கழிக்க முடியாது, தேய்மானத்தையும் கழிக்க முடியாது. லீஸ்காரர் சொன்ன வரிச்சலுகை அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. ஜி.எஸ்.டி. காம்போசிஷனில் இருந்தால் இன்புட் வரியும் கிடையாது. இப்படி இருப்பவர்களிடம் லீஸை வரிக்காக விற்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

வாங்குபவர்கள் தவறும் இடங்களும் உண்டு. வரியைக் குறைக்க மார்ச் மாதம் வேன் எடுப்பார்கள். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய வண்டிக்குத் தேய்மானம் பாதிதான். 90,000 எதிர்பார்த்தவருக்கு 45,000 கிடைக்கும். இன்னொன்று, பில்லில் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் பங்குதாரர் பெயரில் வண்டி எடுப்பது. அப்படிச் செய்தால் 1,08,000 இன்புட் வரி கைவிட்டுப் போகும், தேய்மானத்துக்கும் கேள்வி வரும். ஷோரூமில் புக்கிங் போடும்போதே அந்த எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். வண்டி பதிவானபின் பெயரை மாற்றுவது எளிதல்ல.