மடிப்பாக்கத்தில் தேடினால் வேளச்சேரி பிளம்பர் தெரிவாரா?

மோட்டார் ஓடுகிறது, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மடிப்பாக்கத்தில் ஒருவர் செல்போனில் பிளம்பரைத் தேடுகிறார். கூகுள் பெரும்பாலும் முதலில் வரைபடத்தையும் அதோடு மூன்று பெயர்களையும் காட்டும். இணையதளங்கள் அதற்குக் கீழே வரும். வேளச்சேரியில் இருக்கும் பிளம்பர் இந்த இரண்டு இடங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் இடம் கிடைப்பதற்குத் தூரம் ஒரு முக்கியக் காரணம். கடை வைக்காமல் வீடுகளுக்குப் போய் வேலை செய்பவர், கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் தன் முகவரியை மறைத்துவிட்டு 20 பகுதிகள் வரை குறிக்கலாம். ஆனால் மடிப்பாக்கம் என்று குறித்ததாலேயே அங்கே முன்னால் வந்துவிட முடியாது. அதற்காகச் சொந்தக்காரர் வீட்டு முகவரியில் இன்னொரு கணக்கு தொடங்கினால், உள்ளதும் முடக்கப்படலாம்.

தூரத்துப் பகுதிகளுக்குக் கைகொடுப்பது இணையதளத்தில் அந்தந்தப் பகுதிக்கென்று எழுதும் பக்கம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே பக்கத்தை எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி முப்பது பக்கம் போடுகிறார்கள். இப்படிச் செய்வதைக் கூகுள் ஸ்பேம் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. நான்கு பகுதிகளில்தான் வேலை செய்திருக்கிறீர்களா, நான்கு பக்கம் போதும்.

அதில் என்ன எழுதுவது? செய்த வேலையைத்தான். துரைப்பாக்கம் அடுக்ககங்கள் பலவற்றில் லாரித் தண்ணீர். அங்கே சம்ப்பும் மிதவை வால்வும் பேச்சாக இருக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவில் ஷவரும் கீசரும் அடைத்துக்கொள்ளும். எதனால் அடைத்தது, எப்படிச் சரிசெய்தீர்கள், எவ்வளவு நேரம் பிடித்தது, வந்து பார்க்க மட்டும் எவ்வளவு கட்டணம் என்று எழுதி, நீங்களே எடுத்த படத்தைப் போடுங்கள். வீட்டு எண் வேண்டாம்.

விமர்சனமும் அதே வேலையிலிருந்துதான் வர வேண்டும். குழாயில் தண்ணீர் வந்த அன்றே, ப்ரொஃபைலில் கிடைக்கும் விமர்சன லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும், ஐந்து நட்சத்திரத்துக்குத் தள்ளுபடி தருவதும் விதிமீறல். “சூப்பர் சர்வீஸ்” என்று ஒருவர் இரண்டே வார்த்தை எழுதினால், “மடிப்பாக்கத்தில் கேட் வால்வு மாற்றினோம், மறுபடி கசிந்தால் கூப்பிடுங்கள் சார்” என்று பதில் எழுதலாம். அடுத்துப் படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். குறை சொன்னவருக்குப் பதில் எழுதுவது அதைவிட அவசியம். எப்போது வந்து சரிசெய்வீர்கள் என்பது அதில் இருக்கட்டும்.

பலன் தெரிகிறதா என்று வேளச்சேரியில் உட்கார்ந்து தேடிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தேடுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்துத்தான் கூகுள் காட்டும். மடிப்பாக்கத்துக்கு வேலைக்குப் போகும்போது அங்கே நின்று தேடுங்கள். எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு எந்தப் பக்கம் காட்டப்பட்டது என்பதை சர்ச் கன்சோலில் பார்க்கலாம். அதில் ஒரு பக்கத்துக்கு நேரே ‘Crawled - currently not indexed’ என்று பல வாரமாக நின்றால், கூகுள் அதைப் படித்தும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பொருள். அந்தப் பகுதியில் அடுத்த வேலை முடிந்ததும் அதைப் பற்றி எழுதி, படத்தோடு அந்தப் பக்கத்தில் சேருங்கள்.