ஒரே கார்டில் நான்கு ஆண்டுகள்

நூலகத்தின் பழைய அட்டவணைக் கார்டு ஒன்றின் படம் என் முன்னால் திரையில் இருக்கிறது. 12.5 சென்டிமீட்டர் அகலம், 7.5 சென்டிமீட்டர் உயரம். அடியில் நடுவே ஒரு துளை. இழுப்பறையில் கார்டுகள் கலைந்துவிடாமல் பிடித்துவைக்கும் கம்பி அதன் வழியாகத்தான் ஓடும். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ தொகுப்புக்காக யாரோ ஒருவர் பொறுமையாகத் தட்டச்சு செய்த கார்டு இது. இதிலிருந்து ஆசிரியர், தலைப்பு, நூல் இருக்கும் இடத்தைக் காட்டும் அழைப்பெண், வெளியீட்டு விவரம் ஆகிய நான்கையும் தனித்தனிக் கட்டங்களில் எடுத்து வைக்க வேண்டும்.

பத்தே நிமிட வேலை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். படத்திலிருந்து எழுத்துகளை எடுக்க மென்பொருள் இருக்கிறது. எடுத்ததில் நான்கு இலக்க எண் எங்கே வருகிறதோ அதுவே வெளியீட்டு ஆண்டு என்று ஒரு விதி எழுதிவிட்டால் போதும் என்று தோன்றியது. முதல் இழுப்பறை முடிந்ததும் ஆசிரியர் பெயர் வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தேன். புதுமைப்பித்தனின் எல்லா நூல்களும் 1906-இல் வெளியானதாக இருந்தன. அது அவர் பிறந்த ஆண்டு.

கார்டைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் காரணம் புரியும். தலைப்பு வரியில் ‘புதுமைப்பித்தன், 1906-1948’ என்று இருக்கிறது. அதே பெயரில் இன்னொரு எழுத்தாளர் இருந்தால் குழப்பம் வராமலிருக்க, பெயரோடு வாழ்நாளையும் சேர்த்து எழுதுவது பட்டியலாளர்களின் வழக்கம். அதற்குக் கீழே, நூல் வெளியான 1943. கார்டின் அடியில் சேர்க்கை எண்ணுக்குப் பக்கத்தில், நூலகம் புத்தகத்தை வாங்கிய 1957, ரப்பர் முத்திரையாக. ஆக ஒரே கார்டில் நான்கு ஆண்டுகள். எந்த எண் என்று பார்த்தால் போதாது, அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த இடக்கணக்குதான் அட்டவணைக் கார்டின் இலக்கணம். ஆசிரியர் பெயர் இடது ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தொடங்கும். தலைப்பு அதைவிட நான்கு எழுத்து உள்ளே தள்ளித் தொடங்கும். தலைப்பும் வெளியீட்டு விவரமும் ஒரு வரியில் அடங்காவிட்டால், அடுத்த வரி பழையபடி ஆசிரியர் பெயர் தொடங்கிய கோட்டுக்கே திரும்பும். இதற்கு நேர்மாறாக, முதல் வரி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மற்ற வரிகளெல்லாம் உள்ளே ஒதுங்கியிருந்தால், அந்தக் கார்டு ஆசிரியர் பெயரில் தொடங்கவில்லை, நூலின் பெயரில் தொடங்குகிறது என்று பொருள். மலர்களும் பலர் சேர்ந்து எழுதிய தொகுப்புகளும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதைக் கவனிக்காவிட்டால் நூலின் பெயர் ஆசிரியர் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த நான்கு எழுத்து இடைவெளி தட்டச்சில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். படம் எடுக்கும்போது கார்டு மூன்று பாகை சாய்ந்திருந்தாலே, மேலிருந்து கீழே வருவதற்குள் வரிகள் சுமார் 4 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். இடைவெளியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அது. எனவே எழுத்தைப் படிக்க ஆரம்பிக்கும் முன் கார்டின் நான்கு விளிம்பும் படத்தில் தெரிகிறதா என்று பார்த்து, அந்த விளிம்பை வைத்துப் படத்தை நேராக்கிக்கொள்ள வேண்டும். விளிம்பை வெட்டி எடுத்த படங்களை நான் திரும்ப எடுக்கச் சொல்லிவிடுவேன். பின்பக்கத்தையும் கேட்டு வாங்குவேன். இந்த நூலுக்கு வேறு எந்தெந்தத் தலைப்புகளில் கார்டு எழுதப்பட்டது என்ற குறிப்பு பல நூலகங்களில் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது எழுத்து. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் எழுதிய கார்டுகளில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போன்ற வளைவோடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் ஒரே சுழியாக இருக்கும். இன்றைய அச்சைப் பார்த்துப் பழகிய மென்பொருளுக்கு இவை பிடிபடுவதில்லை. ‘காஞ்சனை’யில் கடைசி எழுத்தும் ‘கலைமகள்’-இல் இரண்டாவது எழுத்தும் அப்படித்தான் தவறின. இங்கே ஆளே உட்கார்ந்து படித்துத் திருத்துவதைத் தவிர வழியில்லை. திருத்தும்போது இன்றைய எழுத்து வடிவில் எழுதுகிறோம், சொல்லை மாற்றுவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அழைப்பெண். இந்தக் கார்டின் மூலையில் O31,3N06 என்றும் அதன் கீழே H3 என்றும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இது. O என்றால் இலக்கியம். 31 தமிழ். 3 புனைகதை. N06 என்பது ஆசிரியர் பிறந்த 1906. கீழே உள்ள H, 1940 முதல் 1949 வரையான பத்தாண்டைக் குறிக்கும். 3 சேர்ந்தால் 1943. ஆசிரியர் கட்டத்தையும் ஆண்டுக் கட்டத்தையும் சரிபார்க்கும் சான்று அழைப்பெண்ணுக்குள்ளேயே இருக்கிறது! இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் அந்தக் கார்டைத் தனியே எடுத்துவைத்து மறுபடி பார்க்கிறேன். ரங்கநாதனின் பட்டியலாக்க விதிகளைக் கறாராகப் பின்பற்றிய நூலகங்களின் கார்டில் பதிப்பகம், ஊர் எதுவுமே இருக்காது. ஆண்டுக்கு இந்த நூலெண் ஒன்றுதான் கதி.

இதே எண்ணில் இரண்டு பொறிகளும் உண்டு. முதல் எழுத்தான O-வை மென்பொருள் சுழியம் என்று எழுதிவிடும். இரண்டாவது அந்தக் காற்புள்ளி. காற்புள்ளியால் கட்டம் பிரிக்கும் கோப்பில் சேமித்தால் O31 ஒரு கட்டத்திலும் 3N06 அடுத்த கட்டத்திலும் விழும். அதற்குப் பின் அந்த வரிசை முழுவதும் ஒரு கட்டம் தள்ளிப்போகும். மேற்கோள் குறிக்குள் வைத்தால் பிழைக்கும்.

வெளியீட்டு வரியில் ‘சென்னை, கலைமகள் கா’ வரை தெளிவாக இருக்கிறது. அதற்கு மேல் நூலக முத்திரை விழுந்திருக்கிறது. மீதி ‘காரியாலயம்’தான் என்று மனத்துக்குத் தெரிகிறது. ஆனாலும் நான் நிரப்புவதில்லை. இணையத்தில் தேடி நிரப்பினால் வேறொரு பதிப்பின் விவரம் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு எது கார்டில் இருந்தது, எது நாம் சேர்த்தது என்று பிரித்தறிய முடியாது. கடைசியில் பதிவு இப்படி அமைந்தது:

```
"author": "புதுமைப்பித்தன், 1906-1948"
"title": "காஞ்சனை"
"call_no": "O31,3N06 H3"
"place": "சென்னை"
"publisher": "கலைமகள் கா[...]"
"year": "1943"
"check": "publisher"
```

கடைசி வரி, அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தையே பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் எது என்று சொல்கிறது.

அதே தொகுதியில் பின்னால் இன்னொரு படம் வந்தது. ‘விருத்தாசலம், சொ.’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘பார்க்க: புதுமைப்பித்தன்’. அழைப்பெண் இல்லை, ஆண்டு இல்லை. மென்பொருள் இதையும் ஒரு நூலாக எண்ணி, விருத்தாசலம் எழுதிய ‘பார்க்க’ என்று பதிவு செய்திருந்தது. இயற்பெயரில் தேடி வருகிறவரைப் புனைபெயருக்கு அனுப்பும் வழிகாட்டிக் கார்டு அது. அதை நூல்களின் பட்டியலிலிருந்து எடுத்து, பெயர்களுக்கென்று வைத்திருக்கும் தனிப் பட்டியலில் சேர்த்தேன். இனி ‘விருத்தாசலம்’ என்று தட்டினாலும் ‘காஞ்சனை’ கிடைக்கும்.