அதே அட்டவணை, மூன்று பதில்கள்: செறிவுக் குறியீட்டைக் கையால் போட்டுப் பார்த்தேன்

குடும்பக் கணக்கெடுப்புத் தரவை வைத்து எழுதப்படும் சுகாதாரக் கட்டுரைகளில் ஒரு வகை வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும்: "சராசரி குறைந்துள்ளது, ஆனால் ஏழை பணக்காரர் ஏற்றத்தாழ்வு அதிகரித்துள்ளது." ஆதாரமாகப் பக்கத்திலேயே ஒரு எண் இருக்கும், -0.27 என்றோ -0.36 என்றோ. அதன் பெயர் கான்சன்ட்ரேஷன் இண்டெக்ஸ். தமிழில் செறிவுக் குறியீடு என்று வைத்துக்கொள்வோம். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, BE முடித்துவிட்டு இருபது வருஷமா கோட் எழுதுகிறவன். எனக்கு ஒரு எண் புரியணும்னா அதை நானே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கணும். போட்டுப் பார்த்தபோதுதான் அந்த வாக்கியத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

யோசனை எளிமையானது. எல்லாரையும் பரம ஏழையில் தொடங்கி பெரும் பணக்காரர் வரை ஒரே வரிசையில் நிறுத்துங்கள். வரிசையின் தொடக்கத்திலிருந்து நடந்துகொண்டே, நோயில் எவ்வளவு பங்கை இதுவரை கடந்தோம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். நோய் எல்லாருக்கும் சமமாக இருந்தால், 20% பேரைக் கடக்கும்போது 20% நோயைக் கடந்திருப்போம். வரைபடத்தில் அது ஒரு மூலைவிட்டக் கோடு. ஏழைகள் பக்கம் நோய் குவிந்திருந்தால் நம் வளைகோடு அந்தக் கோட்டுக்கு மேலே எழும்பும். இரண்டுக்கும் நடுவே உள்ள பரப்பை இரட்டித்தால் குறியீடு. கோட்டுக்கு மேலே என்றால் எதிர்மறை, கீழே என்றால் நேர்மறை. 1991-ல் ஆடம் வாக்ஸ்டாஃப், பியரெல்லா பாச்சி, எடி வான் டோர்ஸ்லார் மூவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு சுகாதார ஆய்வுகளில் இது நிலைத்துவிட்டது.

கணக்குக்கு நானே ஒரு அட்டவணை எடுத்துக்கொண்டேன் (உண்மைத் தரவு இல்லை, பயிற்சிக்கான எண்கள்). ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், சம அளவுள்ள ஐந்து குழுக்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 100-க்கு எத்தனை பேர்? ஏழ்மையான குழுவிலிருந்து வரிசையாக 50, 40, 30, 20, 10. சராசரி 30.

```python
h = [50, 40, 30, 20, 10]
n = len(h)
mu = sum(h) / n
r = [(i + 0.5) / n for i in range(n)]
C = 2 * sum(a*b for a, b in zip(h, r)) / (n * mu) - 1
```

விடை -0.267. முதல் தடவை எனக்கு -0.067 வந்தது, கொஞ்ச நேரம் முழித்தேன். `i + 0.5` போட வேண்டிய இடத்தில் `i + 1` போட்டிருந்தேன். ஒரு குழுவின் இடம் என்பது வரிசையில் அதன் நடுப்புள்ளி, அதாவது 0.1, 0.3, 0.5, 0.7, 0.9. குழுவின் கடைசி ஆள் நிற்கும் இடம் அல்ல. இந்தப் பிழையைப் பிடிக்க சுலபமான சோதனை உண்டு: எல்லாக் குழுவுக்கும் 30 என்று கொடுங்கள், விடை 0 வரணும். என் பழைய கோட் 0.2 கொடுத்தது! ஒரு ஏற்றத்தாழ்வும் இல்லாத ஊரில் ஏற்றத்தாழ்வு கண்டுபிடித்திருந்தேன்.

இப்போது சில வருஷம் கழித்து மறுபடி கணக்கெடுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழுவிலும் சரியாக 8 பேர் குறைந்திருக்கிறார்கள்: 42, 32, 22, 12, 2. ஏழைக்கும் பணக்காரருக்கும் அதே எண்ணிக்கை முன்னேற்றம், இடைவெளி அன்றும் 40, இன்றும் 40. குறியீடு என்ன ஆனது? -0.364. அதாவது "ஏற்றத்தாழ்வு அதிகரித்துள்ளது".

இதே அட்டவணையைத் திருப்பிப் போடுங்கள். குன்றிய குழந்தைகளுக்குப் பதிலாக, சரியான உயரத்தில் உள்ள குழந்தைகளை எண்ணுங்கள். முதல் கணக்கெடுப்பில் 50, 60, 70, 80, 90. இரண்டாவதில் 58, 68, 78, 88, 98. குறியீடு 0.114-லிருந்து 0.103-க்கு இறங்குகிறது. அதாவது "ஏற்றத்தாழ்வு குறைந்துள்ளது". அதே குழந்தைகள், அதே வருஷங்கள்!

எங்கே இடிக்கிறது என்றால், சூத்திரத்தில் சராசரி கீழே வகுக்கும் இடத்தில் இருக்கிறது. இடைவெளி மாறாமல் இருக்க, குன்றியவர்களின் சராசரி 30-லிருந்து 22 ஆனதால் குறியீடு பெரிதானது. குன்றாதவர்களின் சராசரி 70-லிருந்து 78 ஆனதால் அது சிறியதானது. வருமானம் மாதிரி மேல் வரம்பு இல்லாத அளவுக்கு இந்தச் சிக்கல் வராது, அங்கே திருப்பி எண்ண ஒன்றுமில்லை. ஆனால் சுகாதாரக் கணக்கெடுப்பில் பாதிக் கேள்விகள் ஆம், இல்லை வகை. தடுப்பூசி போட்டாச்சா, இல்லையா? பிரசவம் மருத்துவமனையிலா, வீட்டிலா?

வாக்ஸ்டாஃபே 2005-ல் இதைக் கவனித்து எழுதினார். ஆம், இல்லை வகையில் குறியீடு -1 முதல் 1 வரை போகவே முடியாது. சராசரி 0.3 என்றால் அதிகபட்சம் 0.7 வரைதான். அதனால் 1 - μ-ஆல் வகுத்துவிடலாம் என்றார். நம் எண்களில் அது -0.381, பிறகு -0.466. திருப்பிப் போட்டாலும் குறி மட்டும் மாறும், அளவு அதேதான். 2009-ல் கிடோ எரைகர்ஸ் வேறு வழி சொன்னார்: குறியீட்டை 4μ-ஆல் பெருக்கு. முதல் கணக்கெடுப்புக்கு -0.32, இரண்டாவதுக்கும் -0.32.

இரண்டு திருத்தமும் கண்ணாடிச் சிக்கலைத் தீர்க்கிறது, ஆனாலும் வாக்ஸ்டாஃப் கணக்கில் நிலைமை மோசமாகிறது, எரைகர்ஸ் கணக்கில் மாறவே இல்லை. இது யார் கணக்கில் தப்பு என்கிற சண்டை இல்லை. எல்லாக் குழுவிலும் 8 பேர் குறைவது சமமான முன்னேற்றமா என்பதுதான் கேள்வி. எரைகர்ஸ் அளவு ஆம் என்கிறது. இன்னொரு பார்வையில், பணக்காரக் குழுவில் 10 பேர் 2 ஆனது ஐந்தில் நான்கு பங்கு குறைவு, ஏழைக் குழுவில் 50 பேர் 42 ஆனது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. நான் எரைகர்ஸ் பக்கம் சாய்கிறேன், ஏனென்றால் எட்டுக் குழந்தை என்பது எந்த வீட்டிலும் எட்டுக் குழந்தைதான். நீங்கள் ஒத்துக்கொள்ளணும்னு இல்லை. ஆனால் எந்த அளவு என்று சொல்லாமல் "அதிகரித்தது" என்று மட்டும் எழுதும் கட்டுரையை நம்பாதீர்கள், ஐந்து குழுக்களின் விகிதங்களைத் தேடிப் பாருங்கள்.

வரிசை பற்றியும் ஒன்று. நம் நாட்டு NFHS கணக்கெடுப்பில் வரிசைக்கு வருமானம் பயன்படுவதில்லை. வீட்டில் டிவி, வண்டி, கழிப்பறை இருக்கிறதா, தரை எதனால் ஆனது என்று பார்த்து ஒரு சொத்து மதிப்பெண் போடுகிறார்கள். இந்த முறையை 2001-ல் ஃபில்மரும் பிரிட்செட்டும் எழுதிய கட்டுரை பிரபலமாக்கியது, அவர்கள் எடுத்துக்கொண்டதும் இந்தியத் தரவுதான். அறிக்கையில் வரும் ஐந்து குழுக்கள் இந்தியா முழுமைக்கும் சேர்த்துப் பிரித்தவை. தமிழ்நாட்டை மட்டும் எடுத்தால் அந்தக் குழுக்கள் சம அளவில் இருக்காது, கடைசிக் குழு ரொம்பச் சிறியது. அப்போது மேலே உள்ள கோடில் `(i + 0.5) / n` செல்லாது. மாநிலத்துக்குள்ளேயே வீடுகளை மறுபடி வரிசைப்படுத்தி, ஒவ்வொரு குழந்தைக்கும் கணக்கெடுப்பு தந்த எடையைக் கூட்டிக்கொண்டே வந்து, அதன் நடுப்புள்ளியை எடுக்கணும். சரியாகச் செய்தோமா என்று பார்க்க, எடையோடு சேர்த்த சராசரி இடம் 0.5 வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் என்னை மாதிரி எங்கேயோ ஒரு `+ 1` போட்டிருக்கிறீர்கள்.