எல்லாப் பக்கத்திலும் அதே மீனு

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை வரைந்து தரும்படி ஏஐ படக்கருவியிடம் கேட்டால், சில நொடிகளில் அழகாக வரைந்து கொடுத்துவிடுகிறது. அவளே மரம் ஏறுவதுபோல் இன்னொரு படம் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஜாடை இருக்கும், ஆள் வேறு. 32 பக்கப் படக்கதைப் புத்தகம் ஒன்றுக்குப் பதினைந்து படங்களாவது வேண்டும். எழுத்து தெரியாத குழந்தை படத்தை வைத்தே கதையைப் பின்தொடர்கிறது. முகம் மாறினால் அதற்குக் கதையில் புதிதாக ஒரு ஆள் வந்துவிட்டதாகவே தோன்றும்.

பெரும்பாலான படக்கருவிகள் வெறும் புள்ளி இரைச்சலில் இருந்துதான் படத்தைத் தொடங்குகின்றன. பழைய டிவியில் சிக்னல் போனால் தெரியுமே, அதே புள்ளிகள். நாம் எழுதிய வரிகளுக்குப் பொருந்தும்படி அந்த இரைச்சலைப் படிப்படியாக நீக்கிக்கொண்டே போனால் உருவம் துலங்கும். முந்தைய படத்தில் வரைந்த சிறுமியைப் பற்றிக் கருவிக்கு எந்த நினைவும் இல்லை. ‘இரட்டைச் சடை, பாவாடை சட்டை, ஏழு வயது’ என்ற வர்ணனைக்குப் பொருந்தும் சிறுமிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொரு தடவையும் அவர்களில் ஒருத்தி வருகிறாள். தொடக்கப் புள்ளிகளுக்கு ‘சீட்’ என்று ஓர் எண் உண்டு, அதை மாற்றாமல் வைத்திருந்தால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காட்சி வர்ணனையும் மாறாதவரைதான் அது செல்லும். கடற்கரை என்பதைக் கோயில் என்று மாற்றியதுமே ஆளும் மாறிவிடும்.

காட்சிக்காக எழுதும் சொற்கள் பாத்திரத்தையும் இழுப்பதுதான் இதற்குக் காரணம். மீனு என்ற சிறுமியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாநிறம், நடுவகிடு, இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், மஞ்சள் சட்டை, பச்சைப் பாவாடை, இடது முழங்காலில் ஒரு பிளாஸ்திரி. ‘மழை’ என்று எழுதினால் அவளுக்கு ரெயின்கோட் முளைக்கும். ‘திருவிழா’ என்றால் நகைகள் ஏறி, வயதும் இரண்டு கூடிவிடும். ‘வெயில்’ என்றால் நிறம் வெளுக்கும். கேட்காமலே தோலை வெளுப்பாக்கும் சாய்வு பல கருவிகளில் இருப்பதால் மாநிறத்தைப் படத்துக்குப் படம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, வேலை கதையின் முதல் காட்சியில் தொடங்குவதில்லை. முதலில் பாத்திரத்துக்கு ஒரு மாதிரித் தாள் வேண்டும். அனிமேஷன் ஸ்டுடியோக்கள் கணினிக்கு வெகுகாலம் முன்பே பின்பற்றிய முறை இது. வெள்ளைப் பின்னணி, நிழல் விழாத சமமான வெளிச்சம், நேர்முகம், முக்கால்முகம், பக்கவாட்டு, முதுகுப்புறம், கூடவே சிரிப்பு, அழுகை, பயம், கோபம். ஓவியர் ஒருவர் கையால் வரைந்து தந்தால் மிக நல்லது. கருவியிலேயே செய்வதென்றால், வந்தவற்றில் ஒரு படத்தை மட்டும் மூலப்படமாக முடிவு செய்து, அதைக் காட்டித்தான் மற்ற கோணங்களைக் கேட்க வேண்டும். பக்கவாட்டில் மூக்கு மாறும், முதுகுப்புறத்தில் வகிடு காணாமல் போகும். அவற்றை இங்கேயே கையால் திருத்திவிட வேண்டும். தாளில் இருக்கும் பிழை புத்தகம் முழுக்க வரும்.

பாத்திரத்தை அமைக்கும்போதே கருவியால் எதைத் திரும்பச் செய்ய முடியாது என்று தெரிந்திருப்பது நல்லது. கட்டம் போட்ட பாவாடையும் பூவேலைக் கரையும் ஒரு படத்தில் வந்தபடி இன்னொன்றில் வருவதில்லை. சட்டைப் பொத்தான் நான்கு என்றால் அடுத்த படத்தில் ஐந்து இருக்கும். மீனுவுக்கு நிறைநிற உடையும் பொத்தான் இல்லாத சட்டையும் கொடுத்தது அதனால்தான். இடம் வலம் மாறித் தொலையக்கூடிய அடையாளம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். அவளுக்கு அந்தப் பிளாஸ்திரி மட்டும்தான்.

இன்றைய கருவிகள் பலவற்றில் வர்ணனையோடு படத்தையும் கொடுத்து, ‘இதே ஆள்’ என்று சொல்ல முடியும். மிட்ஜர்னி 2024 மார்ச்சில் இதற்காக `--cref` என்ற கட்டளையைக் கொண்டுவந்தது. அதோடு சேர்ந்த `--cw` எண் 100 என்றால் முகம், முடி, உடை மூன்றையும் பின்பற்றியது. 0 என்றால் முகத்தை மட்டும். இரவு உடையில் மீனு வேண்டுமென்றால் அந்த எண்ணைக் குறைக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த கருவிகளிடம் சாதாரணப் பேச்சிலேயே இதைச் சொல்லிவிடலாம்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். முதல் படத்தைக் காட்டி இரண்டாவதை வாங்குகிறார்கள், இரண்டாவதைக் காட்டி மூன்றாவதை வாங்குகிறார்கள். ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பதுபோலத்தான் இது. அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆறாவதை முதலாவதோடு வைத்துப் பார்த்தால் தாடை நீண்டிருக்கும், கண் பெரிதாகியிருக்கும். ஒவ்வொரு படமும் நேரே மாதிரித் தாளிலிருந்தே பிறக்க வேண்டும். அதுவும் பழைய உரையாடலின் தொடர்ச்சியாக இல்லாமல், புதிதாகத் தொடங்கிய ஒன்றில். ரிப்பன் மட்டும் தவறாக வந்திருந்தால் முழுப் படத்தையும் மறுபடி கேட்கக் கூடாது. அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்த வேண்டும்.

ஒரே பாத்திரத்தை வைத்துப் பல புத்தகங்கள் செய்பவர்கள் ஒரு படி மேலே போய், கருவிக்கு மீனுவையே கற்றுக்கொடுக்கிறார்கள். லோரா என்பது இதற்கான முறை. இருபது நல்ல படங்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பும் போதும். எந்த மொழியிலும் பொருள் இல்லாத ஒரு பெயரை அவளுக்கு வைக்க வேண்டும். குறிப்பு இப்படி இருக்கும்:

```
mnuk7, back view, running, blue raincoat, beach
```

இதில் சடையும் இல்லை, ரிப்பனும் இல்லை. மறந்துவிட்டதல்ல. குறிப்பில் எழுதியதை எல்லாம் மாறக்கூடியது என்று கருவி எடுத்துக்கொள்ளும். எழுதாமல் விட்டதை அந்தப் பெயரோடு ஒட்டவைத்துக்கொள்ளும். புதிதாகச் செய்பவர்கள் சடையை அக்கறையாக எழுதிவைத்துவிட்டு, அது ஏன் வரமாட்டேன் என்கிறது என்று திண்டாடுவார்கள். அளவுக்கு மீறிக் கற்றுவிட்டாலும் தொல்லைதான். இரவு உடை கேட்டாலும் பச்சைப் பாவாடையோடு நிற்பாள், பின்னணியும் வெள்ளையாகவே இருக்கும். பயிற்சியில் இல்லாத ஒன்றை, உதாரணமாகப் போர்வைக்குள் சுருண்டு தூங்கும் மீனுவை, கேட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும். லோராவின் பலத்தை 1-லிருந்து 0.7-க்குக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஒரே படத்தில் இரண்டு பேர் என்றால் கஷ்டம் இரட்டிப்பாகும். மீனுவும் தாத்தாவும் சேர்ந்து நிற்கும்போது ரிப்பனின் சிவப்பு தாத்தாவின் துண்டுக்குப் போய்விடும், தாத்தாவின் சுருக்கம் அவள் முகத்தில் லேசாகத் தெரியும். பின்னணி, தாத்தா, மீனு என்று தனித்தனியாக வரைந்து ஒன்றுசேர்ப்பதே பாதுகாப்பு. மீனு தாத்தாவின் நெஞ்சளவுதான் என்பதும் மாதிரித் தாளிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் அவள் வளர்ந்தும் குறைந்தும் போவாள்.

எல்லாப் படங்களும் வந்தபிறகு முகங்களை மட்டும் வெட்டியெடுத்து ஒரே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். உடையும் பின்னணியும் மறைந்ததும், வேறொருத்தி நடுவில் நின்றால் சட்டென்று தெரிந்துவிடும். நிறத்துக்குக் கண்ணை நம்பாமல், எடிட்டிங் மென்பொருளில் கன்னத்தின் நிற எண்ணைப் படத்துக்குப் படம் ஒப்பிட வேண்டும். இரவுக் காட்சியையும் பகல் வெளிச்சத்தில் வரைந்து எண்ணைச் சரிபார்த்துவிட்டு, நீல அடுக்கு ஒன்றைப் பின்னால் மேலே சேர்ப்பது நல்லது.

பிளாஸ்திரி வலது காலில் வந்துவிட்டால் படத்தையே கண்ணாடிபோல் திருப்பிவிடலாமே என்று தோன்றும். படத்துக்குள் எழுத்து இல்லையென்றால் முடியும்தான். ஆனால் படக்கதையில் பாத்திரம் பெரும்பாலும் இடமிருந்து வலமாக, அடுத்த பக்கத்தை நோக்கி நகர்கிறது. திருப்பிப்போட்டால், பள்ளிக்குப் போகிற மீனு வீட்டுக்குத் திரும்பி வருவதாகிவிடும். அப்படிப்பட்ட படத்தில் பிளாஸ்திரியை மட்டும் அழித்து மறுகாலில் கையால் வரைவதே சரி.