தெருக்கூத்து நேரலைக்கான க்யூ ஷீட்

க்யூ ஷீட் என்பது பல கேமராக்கள் கொண்டு ஒரு மேடை நிகழ்ச்சியை நேரலையாக ஒளிபரப்பும்போது, எந்த நொடியில் எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்பதை வரிசைப்படுத்திக் காட்டும் தாள். நாடகப் பிரதியிலிருந்தே இது உருவாகிறது. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. பிரதி, யார் எதைப் பேசுகிறார் என்ற வரிசையில் செல்லும். க்யூ ஷீட், எது நடந்தால் படம் மாற வேண்டும் என்ற வரிசையில் செல்லும். பிரதியில் இரண்டு பக்கம் நீளும் வசனம் க்யூ ஷீட்டில் ஒரே வரியாகச் சுருங்கலாம். பிரதியில் எழுதப்படாத ஒரு செயல், உதாரணமாகத் திரை விலகுவது, க்யூ ஷீட்டில் நான்கு வரிகளைப் பிடிக்கலாம்.

இந்த வேறுபாடு நன்கு புலப்படும் இடம் தெருக்கூத்து. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய தாமலையும் உள்ளிட்ட இந்த வட்டாரம், கட்டைக்கூத்து என்றும் அழைக்கப்படும் இக்கலைக்குப் பெயர்பெற்றது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கிவரும் கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தொடங்கப்பட்டது. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கதை இரவு முழுவதும் ஆடப்படும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊர்க்காரர்களுக்காக அதை நேரலையாக அனுப்ப நினைப்பவர் சந்திக்கும் முதல் சிக்கல், கூத்துப் பிரதியின் அமைப்புதான்.

பிரதியில் எது நிலையானது

கூத்து நோட்டில் விருத்தம், தரு, வசனம் என்று பகுதிகள் பிரிக்கப்பட்டிருக்கும். விருத்தமும் தருவும் பாடல்கள். இவற்றின் சொற்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. வசனம் அப்படியல்ல. நோட்டில் மூன்று வரியாக இருப்பதை ஒரு கலைஞர் பத்து நிமிடம் பேசுவார். கட்டியக்காரன் பேசுவதில் பெரும்பகுதி அன்றிரவு அங்கேயே பிறப்பது. ஆகவே, "இந்த வசனம் முடிந்ததும் கேமரா 2" என்று எழுதி வைத்தால், அந்த வசனம் அந்தச் சொற்களில் வராமலே போகலாம். இயக்குநர் வராத வரிக்காகக் காத்திருக்க, மேடையில் கதை கடந்துபோய்விடும்.

இதனால் மாற்றி எழுதும் வேலை, பிரதியை மூன்று நிறங்களில் குறிப்பதிலிருந்து தொடங்குகிறது. சொல் மாறாத பாடல்கள் ஒரு நிறம். சொல் மாறினாலும் செயல் மாறாத இடங்கள், அதாவது திரை வருகை, சண்டை, சபதம் போன்றவை, இரண்டாம் நிறம். சொல்லும் செயலும் கலைஞரின் விருப்பத்தில் இருக்கும் இடங்கள் மூன்றாம் நிறம். எண்ணிட்ட ஷாட்டுகளை முதல் இரண்டு நிறங்களுக்கு மட்டுமே எழுத வேண்டும். மூன்றாம் நிறத்துக்கு ஷாட் எழுதுவது வீண்வேலை என்பதோடு, கேமராக்காரர்களைத் திசைதிருப்பவும் செய்யும்.

நிறம் குறிப்பதற்கு நோட்டு மட்டும் போதாது. அதே குழு அதே கதையை வேறு ஊரில் ஆடும்போது நேரில் பார்த்து, கைப்பேசியில் ஒலியைப் பதிவுசெய்து, நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். லண்டன் தேசிய நாடக அரங்கம் 2009 முதல் தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பி வருகிறது. அங்கே நேரலைக்கு முன்பே கேமராக்களோடு ஒத்திகை உண்டு. கூத்தில் அதற்கு வழியில்லை. கலைஞர்கள் மாலையில் வந்து, ஒப்பனை முடித்து, நேரே ஆடத் தொடங்குவார்கள். முன்னே பார்த்த இரவுதான் ஒத்திகை.

ஒரு திரை வருகை

துகில் கூத்தில் துச்சாதனன் வரும் இடத்தை எடுத்துக்கொள்வோம். கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்த வேடம் நேராக மேடைக்கு வராது. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதன் பின்னாலிருந்து பாட்டு தொடங்கும். வேடம் திரைக்குப் பின்னாலேயே ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் காட்டும். பிறகு திரை விலகும். வேடம் சுழன்று ஆடும். அதன்பின் கட்டியக்காரன் வந்து, யார் நீங்கள் என்று விசாரிப்பான். ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் முடிவது இன்னொருவருக்குக் கால் மணி நேரம் ஆகலாம்.

கேமரா 1 பார்வையாளர்களுக்குப் பின்னால், நடுவில், உயரமான பலகை மேல் இருக்கிறது. கேமரா 2 இடப்பக்கமும் கேமரா 3 வலப்பக்கமும் உள்ளன. நோட்டில் இந்த இடத்துக்கு ஒரு விருத்தமும் ஒரு தருவும் மட்டுமே இருக்கும். க்யூ ஷீட்டில் அது இப்படி விரியும்:

| எண் | குறி | கேமரா | படம் |
|---|---|---|---|
| 41 | விருத்தம் எடுத்தவுடன் | 1 | மேடை முழுதும், திரை நடுவில் |
| 42 | விருத்தத்தின் மூன்றாம் அடி | 3 | பின்பாட்டும் முகவீணையும் |
| 43 | திரைக்கு மேல் கிரீடம் தெரிந்தவுடன் | 2 | திரை விளிம்பு, கிரீடம், கண் |
| 44 | திரை விலகத் தொடங்கியவுடன் | 1 | முழு உருவம், சுற்றிலும் இடம் விட்டு |
| 45 | சுழற்சி நின்று கால் ஊன்றியதும் | 3 | துச்சாதனன் இடுப்பளவு |
| 46 | கட்டியக்காரனின் முதல் கேள்வி | 2 | கட்டியக்காரன் இடுப்பளவு |

குறி என்ற கட்டத்தில் நேரம் எங்கும் எழுதப்படவில்லை. கேட்கக்கூடிய ஒன்றோ, கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றோதான் இருக்கிறது. "துச்சாதனன் ஆவேசமாக வரும்போது" என்று எழுதினால் அது குறியாகாது. ஆவேசம் எப்போது தொடங்கிற்று என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். கால் ஊன்றியதை எல்லோரும் ஒரே நொடியில் பார்ப்பார்கள்.

இதை முதன்முதலில் எழுதுகிறவர் 43, 44 இரண்டையும் கேமரா 2க்கே கொடுப்பது வழக்கம். கிரீடத்தை நெருக்கமாகக் காட்டிய கேமராவே திரை விலகும்போது முழு உருவத்தையும் காட்டட்டும் என்று தோன்றும். தாளில் பார்க்கச் சரியாகவே இருக்கும். மேடையிலோ திரை விலக ஒரு நொடிதான். கேமரா 2 அந்த ஒரு நொடியில் நெருக்கத்திலிருந்து அகன்று, குவியத்தையும் சரிசெய்ய முடியாது. ஒளிபரப்பில் அகன்றுகொண்டே போகும் மங்கலான படம்தான் தெரியும். வேடமும் அதற்குள் சுழன்று சட்டத்துக்கு வெளியே போயிருக்கும். கூத்தில் பார்வையாளர்கள் காத்திருந்த நொடி அதுவே. ஆகவே 44 கேமரா 1க்கு உரியது. 41 முடிந்ததிலிருந்து அதற்கு வேறு வேலை இல்லை. நிதானமாகச் சட்டம் அமைத்துக் காத்திருக்கலாம்.

இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தாளை மேலிருந்து கீழாக வாசிக்காமல், ஒரே கேமராவின் எண்களை மட்டும் தனியே எடுத்து வாசிக்க வேண்டும். கேமரா 2க்கு 43, 46. கேமரா 3க்கு 42, 45. ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே, புதிய சட்டம் அமைத்துக் குவியம் பிடிக்க ஐந்தாறு நொடியாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்படிப் பிரித்த பட்டியல்களே கேமராக்காரர்களுக்கான அட்டைகளும் ஆகின்றன. ஒவ்வொருவரும் தம் அட்டையை மட்டும் கேமராவில் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டைகள் கைமாறிய பிறகு புதிய ஷாட் சேர்க்க நேர்ந்தால் 43அ என்று சேர்க்க வேண்டுமே தவிர, எண்களை மாற்றக் கூடாது. இயக்குநர் தாளில் 45ஆக இருப்பது கேமராக்காரர் அட்டையில் 44ஆக இருந்தால், அதன்பின் வரும் எல்லா அழைப்புகளும் தவறாகும்.

எழுதாமல் விடும் பகுதி

46க்குப் பிறகு கட்டியக்காரனின் விசாரணை தொடங்குகிறது. இது மூன்றாம் நிறம். இங்கே க்யூ ஷீட்டில் ஒரு பெட்டி மட்டும் இருக்கும்: கேமரா 1 மேடை முழுதும், கேமரா 2 கட்டியக்காரனை விடாமல், கேமரா 3 துச்சாதனனை விடாமல். இயக்குநர் காதால் கேட்டு மாற்றிக்கொள்வார். பெட்டியின் அடியில் ஒன்றை மறக்காமல் எழுத வேண்டும்: இந்தப் பகுதி எதைக் கேட்டதும் முடிகிறது? அடுத்த தருவின் முதல் சொற்களை அங்கே முழுமையாக எழுதி வைப்பார்கள். நோட்டைப் பிடித்துக்கொண்டு இயக்குநர் அருகே அமர்பவர், அந்தச் சொற்கள் வருமுன்பே எச்சரிக்க வேண்டும். தொழில்நுட்பம் தெரிந்தவரைவிடக் கூத்துப் பாட்டு தெரிந்தவரே இந்த இடத்துக்குப் பொருத்தம். கலைஞர் வசனத்தை முடித்துப் பாட்டுக்குத் திரும்பும் சாயலை அவர்தான் முன்கூட்டி உணர்வார்.

அன்பளிப்பு அறிவிப்புகளுக்கும் ஒரு பெட்டி தேவை. கூத்தின் நடுவே ஊரார் பணம் கொடுப்பதும், கொடுத்தவர் பெயரைக் கட்டியக்காரன் மேடையில் சொல்வதும் வழக்கம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. "அறிவிப்பு வந்தால் கேமரா 1; ஷாட் எண் நிற்கும்; ஆட்டம் தொடர்ந்ததும் விட்ட எண்ணிலிருந்து" என்று தாளின் தலைப்பிலேயே எழுதிவிட்டால் குழப்பம் வராது. பேட்டரி மாற்றுவதையும் இப்படியான தளர்ந்த பகுதிகளில், ஒருநேரத்தில் ஒரு கேமரா என்று, முன்பே குறித்துவிடலாம். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நீளும் ஆட்டத்தில் இதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பாஞ்சாலி சபைக்கு இழுத்து வரப்படும் நேரத்தில் கேமரா அணையும்.

காட்டக் கூடாதவை

துகில் உரியும் கட்டம் கோயில் விழாவில் வெறும் நாடகக் காட்சியாக நடப்பதில்லை. கற்பூரம் ஏற்றுவார்கள். பார்ப்பவர்களில் சிலருக்கோ, ஆடுபவருக்கோ சாமி வருவதும் உண்டு. அந்த நேரத்தில் ஒருவருடைய முகத்தை நெருக்கத்தில் உலகத்துக்குக் காட்டுவது சரியா என்பதை, தலைக்கவச ஒலிபேசியில் பேசிக்கொண்டிருக்கும் இயக்குநர் அரை நொடியில் முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. கோயில் நிர்வாகத்தையும் கூத்துக் குழுவின் ஆசிரியரையும் பகலிலேயே கேட்டு, அவர்கள் சொன்னதைத் தாளில் எழுத வேண்டும். பெரும்பாலும் அது ஒரே வரியாக அமையும்: சேலையில் கை வைத்ததிலிருந்து கற்பூரம் அணையும்வரை கேமரா 1 மட்டும், கேமரா 2, 3 தரையை நோக்கி. கேமராக்களைத் தரைப்பக்கம் திருப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்விட்ச்சரில் விரல் தவறி வேறு பொத்தானில் பட்டாலும், வெளியே போவது வெறும் மண்தரையாகவே இருக்கும்.